டி.டி.ஆர். காகிதத்துக்கு நெல்லையில் யார் விலை கொடுப்பார்?

டவுனில் பழைய வீடு வைத்திருக்கிறவர்கள் இப்போது என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். "வீட்டை இடிக்கப்படாதுன்னு பட்டியல்ல போட்டுட்டா, பதிலுக்கு நமக்கு என்ன குடுப்பாவ?" மும்பையில் கோட்டைப் பகுதியில் ஒரு கட்டடக் கலைஞர் அலுவலகத்தில் வெகுகாலம் வேலை பார்த்துவிட்டு, ஓய்வுக்குப் பிறகு பாளையங்கோட்டைக்கு வந்து சேர்ந்தவன் நான். டி.டி.ஆர். என்கிற வளர்ச்சி உரிமை மாற்றத்தில் பாரம்பரியக் கட்டடங்களுக்குத் தருகிற சான்றிதழ்களின் கோப்புகள் அங்கே என் மேசை வழியாகத்தான் போகும். அதனால் கேள்வி என்னிடம் வருகிறது. பொதுவாகப் பதில் சொன்னால் யாருக்கும் பிடிபடுவதில்லை. எங்கள் அக்கா வீட்டுக் கணக்கை வைத்தே சொல்கிறேன்.

அக்காவும் அத்தானும் இருப்பது நெல்லையப்பர் கோயில் ரத வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில். தார்சா, பட்டாசல், நடுவில் முற்றம், பின்னால் அடுக்களை, முன்பக்கத்தில் மட்டும் மேலே ஒரு மச்சு. பட்டாசல் கூரை மரக்கட்டைகளின் மேல் செங்கலைக் குத்தி நிறுத்திச் சுண்ணாம்புக் காரை போட்ட தட்டட்டி. அத்தானுடைய தாத்தா கட்டியது. சென்னையிலிருந்து வந்த ஒருவர் வீட்டைப் பார்த்துவிட்டு, "இதைப் பட்டியலில் சேர்த்தால் டி.டி.ஆர். வரும், லட்சக்கணக்கில் விற்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அத்தான் அன்றைக்கு ராத்திரியே என்னைக் கூப்பிட்டார். "ஏ மாப்ளே, பம்பாய்ல இதுக்குன்னு ஒரு பேப்பர் குடுப்பாவளாமே, நெசமா?"

நிஜம்தான். 1991இல் வந்த மும்பை வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதிகளில் இந்த உரிமை மாற்றம் இருக்கிறது. 1995இல் பாரம்பரியக் கட்டடங்களுக்கான விதி சேர்ந்தபோது அவற்றுக்கும் அது வந்தது. பாரம்பரிய விதியின் சாரம் இது. மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்பதுதான் எஃப்.எஸ்.ஐ. அந்தக் கணக்குப்படி உங்கள் மனையில் இவ்வளவு சதுர அடி கட்டலாம் என்று இருக்கிறது. கட்டடம் பாதுகாக்கப்பட்டது என்பதால் அனுமதி மறுக்கிறார்கள், அல்லது நிபந்தனை போடுகிறார்கள். அதனால் உங்களால் பயன்படுத்த முடியாமல் போகிற மிச்சத்துக்கு ஈடாக மாநகராட்சி ஒரு சான்றிதழ் தரும். அதில் பரப்பளவு எண்ணிலும் எழுத்திலும் இருக்கும். வேறொரு மனையில் கூடுதலாகக் கட்ட விரும்புகிற கட்டுமானக்காரர் அதை உங்களிடம் விலைக்கு வாங்கித் தன் மனையில் பயன்படுத்துவார்.

இதில் எல்லோரும் தவறவிடுகிற சொல் "மிச்சம்". சான்றிதழ் கட்டடத்தின் அழகுக்கோ வயசுக்கோ கிடைப்பதில்லை, கட்டாமல் விட்ட பரப்புக்குக் கிடைப்பது. மும்பைத் தீவு நகரத்தில் அந்த நாளில் அடிப்படை எஃப்.எஸ்.ஐ. 1.33. கோட்டைப் பகுதியில் சுவரோடு சுவர் ஒட்டி நாலு மாடி நிற்கிற பழைய கட்டடங்கள் பல அதைத் தாண்டியே கட்டப்பட்டவை. அந்த உரிமையாளர்களுக்கு மிச்சம் ஏது? பெரிய தோட்டத்துக்கு நடுவே ஒற்றை பங்களா வைத்திருக்கிறவருக்குத்தான் நல்ல சான்றிதழ் வரும். பராமரிக்கச் சிரமப்படுகிறவருக்கும் சான்றிதழ் வாங்குகிறவருக்கும் சம்பந்தமே இல்லாமல் போவதைப் பல கோப்புகளில் பார்த்திருக்கிறேன்.

சரி, அத்தான் வீட்டுக்கு வருவோம். மனை நாற்பது அடி முகப்பு, நூற்றைம்பது அடி ஆழம். 6,000 சதுர அடி. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019இன்படி உயரம் குறைந்த சாதாரணக் கட்டடத்துக்கு எஃப்.எஸ்.ஐ. 2. அதாவது 12,000 சதுர அடி. இப்போது இருப்பது கீழே 3,400, மச்சில் 900, ஆக 4,300. காகிதத்தில் மிச்சம் 7,700. இந்த எண்ணைச் சொன்னதும் அத்தான் முகத்தில் ஒரு வெளிச்சம்.

ஆனால் அந்தச் சந்தின் அகலம் பத்தடி. ஒரு மாட்டு வண்டிக்குப் போட்ட வழி. அந்த அகலத்தில் அடுக்குமாடிக்கு அனுமதி கிடைக்காது. பக்கத்தில் விட வேண்டிய இடம், வண்டி நிறுத்துமிடம், மாடிப்படி எல்லாம் போக வரைபடம் போட்டுப் பார்த்தேன். வீட்டை முழுக்க இடித்துவிட்டுக் கட்டினாலும் 7,000 சதுர அடியைத் தாண்ட வழியில்லை. ஆக, பாதுகாப்பினால் அத்தானுக்கு உண்மையில் நஷ்டமாவது 2,700தான். ஈடு கொடுக்கிற விதி காகித மிச்சத்தை எண்ணுமா, கட்டக்கூடிய மிச்சத்தை எண்ணுமா என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. உரிமையாளர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. "டி.டி.ஆர். உண்டு" என்ற வாக்கியத்தில் இதற்குப் பதில் இல்லை.

தாராளமாக 7,700ஐயே வைத்துக்கொள்வோம். அடுத்த வடிகட்டி, நில மதிப்பு. மும்பையில் 1991 விதிகள் வந்த காலத்தில் தீவு நகரத்தில் ஒரு சதுர அடி பிறந்தால் புறநகரில் அதே ஒரு சதுர அடியாகப் போய் இறங்கும். பிறகு அதை நில மதிப்போடு பிணைத்துவிட்டார்கள். உரிமை பிறக்கிற இடத்தின் அரசு மதிப்பை, அது போய்ச் சேருகிற இடத்தின் மதிப்பால் வகுத்து, வருவதைப் பரப்போடு பெருக்க வேண்டும். அதே முறையை இங்கே வைத்தால், சந்துக்குள் இருக்கிற அத்தான் மனையின் வழிகாட்டி மதிப்பு சதுர அடிக்கு 1,500 ரூபாய், வாங்குகிறவரின் மனை முக்கியச் சாலையில் 3,000 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். 7,700 பாதியாகி 3,850 ஆகிவிடும். கணக்கில் அநியாயம் இல்லை. மலிவான இடத்து உரிமையை விலை கூடிய இடத்துக்குக் கொண்டுபோனால் சும்மா லாபம் வரக் கூடாது என்பதுதான் நோக்கம்.

மூன்றாவதுதான் பெரிய தடை. அதை வாங்க யார் இருக்கிறார்கள்?

வண்ணார்பேட்டைப் பக்கம் அடுக்ககம் கட்டுகிற ஒருவர் எனக்குப் பழக்கம். அத்தானையும் கூட்டிக்கொண்டு போய் நேராகவே கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "அண்ணாச்சி, எனக்குக் குடுத்திருக்க ரெண்டையே நான் முழுசாக் கட்டல. கார் நிறுத்த இடம் விட்டு, நாலு பக்கம் காலி விட்டு, ஒண்ணே முக்கால்லயே நின்னு போகுது. இதுக்கு மேல உரிமைய வாங்கி எங்க வைக்க?"

இதைவிடத் தெளிவாக நான் விளக்க முடியாது. அனுமதித்த அளவு போதவில்லை என்று தவிக்கிற இடத்தில்தான் உரிமைக்கு விலை. நியூயார்க்கில் 1968இலேயே பாதுகாக்கப்பட்ட கட்டடங்களுக்கு இந்த ஏற்பாட்டைச் செய்தார்கள். கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தின் மேல் கோபுரம் கட்ட அனுமதி மறுக்கப்பட்டு, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1978இல் நகரத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பானது. அந்த உரிமையை அக்கம்பக்கத்து மனைகளுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பதையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது. அங்கே அது செல்லுபடியானதற்குக் காரணம், சுற்றிலும் வானத்துக்கு விலை இருந்தது. நெல்லையில் தரைக்குத்தான் விலை.

அப்படியே யாராவது வாங்க வந்தாலும் அவர் கொடுக்கிற விலைக்கு ஒரு கூரை உண்டு. சாலை 9 மீட்டராவது அகலமிருந்தால், வழிகாட்டி மதிப்பில் ஒரு விகிதத்தைக் கட்டணமாகச் செலுத்தி அரசிடமிருந்தே கூடுதல் எஃப்.எஸ்.ஐ. வாங்கலாம். பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. என்பார்கள். பணம் கட்டினால் அரசாங்கமே தருகிறபோது, வாரிசுச் சிக்கல் உள்ள ஒரு குடும்பத்திடம் போய் அதைவிட அதிக விலைக்கு எவர் வாங்குவார்? இரண்டையும் ஒரே கடையில் விற்கிற அரசு, பாரம்பரியச் சான்றிதழை முதலில் பயன்படுத்தினால்தான் பிரீமியம் கிடைக்கும் என்று வரிசை வைத்தால் அத்தான் போன்றவர்களுக்கு ஒரு வழி பிறக்கும். அந்த வரிசை இல்லாத டி.டி.ஆர். சிறு நகரத்தில் சட்டகம் போட்டுச் சுவரில் மாட்டத்தான் ஆகும் என்பது என் கருத்து. மும்பையிலேயே குடிசைப் பகுதி மறுசீரமைப்பில் பிறந்த சான்றிதழ்கள் சந்தையில் குவிந்தபோது எல்லாச் சான்றிதழ்களின் விலையும் விழுந்தது. கொடுத்த அரசாங்கம் அந்த விலைக்குப் பொறுப்பேற்கவில்லை.

"அப்போ வரியாவது கொறைப்பாவளா?" என்றார் அத்தான், திரும்பி வருகிற வழியில்.

வரிச் சலுகையை இரண்டாகப் பிரித்துத்தான் பேச வேண்டும். ஒன்று மாநகராட்சி போடுகிற சொத்து வரி. அத்தான் கட்டுவது அரையாண்டுக்கு மூவாயிரத்துச் சொச்சம். முழுதாகத் தள்ளுபடி செய்தாலும் வருஷத்துக்கு ஆறாயிரம் மிச்சம். பட்டாசல் தட்டட்டிக்கு மட்டும் ஆசாரி சொன்ன மதிப்பீடு நாலரை லட்சம். நான் ஏணி வைத்து ஏறி உத்திரத்தை ஒரு திருப்புளியால் தட்டிப் பார்த்தேன். சுவருக்குள் போய்ச் சொருகுகிற முனையில் மட்டும் சத்தம் பொக்கென்று கேட்டது. திருப்புளி முனை அரை விரலுக்கு உள்ளே போனது, மாவு மாதிரி தூள் கொட்டியது. மழைத் தண்ணீர் காரையின் விரிசல் வழியே இறங்கிச் சுவரிலேயே நின்று, முனையைக் கரையான் தின்றிருக்கிறது. நடுக்கட்டை இன்னும் கல் மாதிரி இருக்கிறது. இந்த மாதிரிச் செலவுக்குச் சொத்து வரித் தள்ளுபடி எந்த மூலைக்கு?

போதாதற்கு அந்தத் தள்ளுபடியிலும் ஒரு பழைய முள் உண்டு. 1920ஆம் வருஷத்து மாவட்ட நகராட்சிகள் சட்டத்திலேயே பாதுகாக்கப்பட்ட தொன்மைச் சின்னங்களுக்கு வரிவிலக்கு இருந்தது. ஆனால் குடியிருப்பாகவோ அரசு அலுவலகமாகவோ பயன்படுகிற பகுதிக்கு அது கிடையாது. பூட்டிக் கிடந்தால் விலக்கு, விளக்கேற்றிக் குடியிருந்தால் வரி. அதனால் வரிவிலக்கு என்று யாராவது சொன்னால், குடியிருக்கிற வீட்டுக்கும் சேர்த்தா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று வருமான வரி. காசு இங்கேதான் இருக்கிறது, ஆனால் கதவு வேறு பக்கம் திறக்கிறது. அத்தான் முன்பக்கத்து மச்சையும் தார்சாவையும் ஒரு அலுவலகத்துக்கு மாதம் இருபதாயிரத்துக்கு விட்டிருந்தார். வருஷத்துக்கு 2,40,000. அதில் சொத்து வரி 6,000 போக 2,34,000. அதற்கு 30 சதவீதம், 70,200 ரூபாய், பராமரிப்புக்கென்று சட்டமே கழித்துவிடும். அந்த வருஷம் நீங்கள் ஒரு ஓடுகூட மாற்றாமல் இருந்தாலும் அதே 70,200தான்; நாலரை லட்சம் செலவு செய்து தட்டட்டியைக் காப்பாற்றினாலும் அதே 70,200தான். வீட்டைப் பாழாக விடுகிறவருக்கும் பாதுகாக்கிறவருக்கும் ஒரே கழிவு.

அமெரிக்காவில் வேறு மாதிரி யோசித்திருக்கிறார்கள். அங்கீகரிக்கப்பட்ட வரலாற்றுக் கட்டடத்தைத் தரக் கட்டுப்பாட்டோடு புதுப்பித்தால், தகுதியுள்ள செலவில் 20 சதவீதத்தை வரியிலிருந்தே கழித்துக்கொள்ளலாம். வருமானம் தரும் கட்டடமாக இருக்க வேண்டும், சொந்தக் குடியிருப்புக்குக் கிடையாது. செலவும் கணிசமாக இருக்க வேண்டும். குறைகள் இருந்தாலும், செலவு செய்தவனுக்குத்தான் சலுகை. டி.டி.ஆரிலும் நம் வாடகைக் கழிவிலும் இல்லாதது இந்த ஒரு சங்கதிதான். மும்பையில் சான்றிதழை விற்ற பணத்தில் பங்களாவுக்கு ஒரு வாளி சுண்ணாம்பும் வாங்காதவர்கள் உண்டு.

சான்றிதழை விற்றால் வரி என்ன என்று அத்தான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். முன்பெல்லாம், இந்த மாதிரி விதியால் கிடைத்த உரிமைக்கு வாங்கிய விலை என்று ஒன்று கிடையாது, ஆகவே மூலதன ஆதாயமே கணக்கிட முடியாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. 2023 நிதிச் சட்டம் அந்த வழியை அடைத்துவிட்டது. காசு கொடுக்காமல் கிடைத்த எந்த உரிமைக்கும் வாங்கிய விலை பூஜ்யம் என்று வைத்துவிட்டார்கள். அதாவது விற்ற தொகை முழுவதும் ஆதாயம். இருபது லட்சத்துக்கு விற்று, அது நீண்டகால ஆதாயமாக ஏற்கப்பட்டால், பன்னிரண்டரை சதவீதமும் அதன்மேல் 4 சதவீத செஸ்ஸும் சேர்த்து 2,60,000 ரூபாய் போகும். புது வீடு வாங்கவோ கட்டவோ அந்தப் பணத்தைப் போட்டால் நிபந்தனைகளோடு விலக்கு கேட்கலாம். ஆனால் இருக்கிற பழைய வீட்டுத் தட்டட்டியைச் செப்பனிடுவதைப் புது வீடு கட்டுவதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பழைய வீட்டைக் காப்பாற்றக் கொடுத்த பணத்துக்கு வரி, அதில் புது ஃபிளாட் வாங்கினால் விலக்கு. இதை எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று நீங்களே சொல்லுங்கள்.

நாங்கள் கடைசியில் செய்தது இது. வாடகைக்கு இருந்தவர்கள் காலி செய்ததும் அந்தப் பகுதியை மறுபடி வாடகைக்கு விடவில்லை. கோயிலுக்கு வருகிறவர்கள் தங்குகிற இடமாக அத்தானே நடத்துகிறார். உள்ளூர் உரிமமும் பதிவும் வாங்கியாகிவிட்டது. வருமானம் இப்போது வாடகை என்ற தலைப்பில் வராமல் தொழில் வருமானமாக வருகிறது. தொழில் வருமானத்தில் நடப்புப் பழுதுச் செலவை, தொழிலுக்குப் பயன்படுகிற பகுதி மட்டும், முழுதாகக் கழிக்கலாம். பட்டாசலையும் விருந்தினருக்கே விட்டாகிவிட்டது, அதனால் தட்டட்டிச் செலவும் கணக்குக்குள் வந்தது. அக்காவுக்கு அதில் இன்னும் கோபம். "பட்டாசல்ல கால நீட்டிப் படுக்க முடியல" என்கிறாள்.

இதில் கவனமாக இருக்க வேண்டியது பில். கரையான் தின்ற உத்திர முனையை வெட்டி அதே தேக்கில் ஒட்டுப்போடுவது, உதிர்ந்த காரையை எடுத்துப் புதுச் சுண்ணாம்பு போடுவது பழுதுபார்ப்பு. புதுசாகக் குளியலறை கட்டுவது மூலதனச் செலவு. அதைத் தேய்மானமாகத்தான், கட்டடத்துக்கு வருஷம் 10 சதவீதம் என்று கழிக்க முடியும். ஆசாரியும் கொத்தனாரும் இரண்டையும் சேர்த்து ஒரே துண்டுச் சீட்டில் "வீட்டு வேலை" என்று எழுதித் தருவார்கள். அதோடு ஆடிட்டரிடம் போனால் எல்லாவற்றையும் மூலதனத்தில் தள்ளிவிடுவார், அவர் மேலும் தப்பில்லை. நான் ஆசாரியிடம் உட்கார்ந்து இடம், வேலை, மரத்தின் அளவு, கூலி என்று தனித்தனியாக எழுதி வாங்கினேன். வேலைக்கு முன்னும் பின்னும் படம். கூலி வங்கி வழியாக. ஒருவருக்கு ஒரே நாளில் பத்தாயிரத்துக்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவையே ஏற்க மாட்டார்கள். சுண்ணாம்புக்காரருக்கு ஒரே தடவையாக ரொக்கம் கொடுத்துப் பழகிய அத்தானுக்கு இதைப் புரியவைக்கத்தான் நேரமாயிற்று.

பட்டியலில் சேர்ப்பதை அதனால் விட்டுவிட்டோம் என்று இல்லை. தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012இல் நிறைவேறி, கிடந்து கிடந்து 2024இல்தான் நடைமுறைக்கு வந்தது. வருங்காலத்தில் ஈடு என்று ஏதாவது வந்தால் கைநீட்டி வாங்க ஆவணம் தயாராக இருக்க வேண்டும். அங்கேதான் எங்கள் வீடு இப்போது நிற்கிறது. பட்டா இன்னும் தாத்தா பெயரில். வாரிசுகள் நாலு கிளை, அதில் பெண்மக்கள் பங்கும் உண்டு. உரிமையை விற்பது மனையின் ஒரு துண்டை விற்பது போலத்தான்: எல்லாப் பங்காளிகளும் கையெழுத்திட வேண்டும், விற்ற உரிமை மனைக்குத் திரும்பி வராது. பிறகு ஒருநாள் வீடு தானே இடிந்தாலும் அந்தப் பரப்பைக் கேட்க முடியாது. வீட்டை வாங்க வருகிறவர் இதைத் தெரிந்துகொண்டால் விலையைக் குறைப்பார். வங்கியும் அடமான மதிப்பைக் குறைக்கும்.

இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிப் பங்காளிகள் எல்லோருக்கும் அனுப்பினோம். மூன்று கிளையிலிருந்து பாகப்பிரிவினைக்குச் சம்மதம் வந்துவிட்டது. நாலாவது கிளை கோயம்புத்தூரில். அவர் கேட்டிருக்கிறார்: "அந்த 7,700 சதுர அடியில என் பங்கு எவ்வளவு, அதை முதல்ல சொல்லுங்க." அத்தான் ஃபோனை என் கையில் கொடுத்துவிட்டார். பத்தடிச் சந்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.